கத்தரி வெயிலில் கூரைத்தளம்: அதிகாலை நான்கரையா, மாலை ஆறரையா?

வேலூரை ஒட்டிய ஓர் ஊரில் ஒரு திருமண மண்டபத்தின் முதல் தளத்துக்குக் கூரை போட வேண்டியிருந்தது. மே மாதத்தின் நடுப்பகுதி, கத்தரி உச்சத்தில் இருந்த நேரம். தளம் 20 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலம், 125 மி.மீ. கனம். உத்தரங்களையும் சேர்த்தால் 42 கன மீட்டர் எம்25 கான்கிரீட். ரெடிமிக்ஸ் ஆலை 18 கி.மீ. தொலைவில். ஒரு லாரிக்கு 6 கன மீட்டர் என்றால் ஏழு லாரி. அரை மணிக்கு ஒன்று வந்தால் நான்கு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

செய்முறை அறிக்கை எழுதும்போது எனக்கு முன்னால் இருந்த பெரிய கேள்வி சிமெண்ட் வகையோ கலவை விகிதமோ அல்ல, முதல் லாரி வாசலுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதுதான். மூன்று பதில்கள் இருந்தன. வழக்கம்போல் காலை எட்டு மணி. அல்லது அதிகாலை நான்கரை. அல்லது வெயில் தாழ்ந்தபின் மாலை ஆறரை. எட்டு மணியை மேஸ்திரி கேட்டார், ஆட்கள் அப்போதுதான் வருவார்கள் என்பதால். மாலையை ஆலைக்காரர் கேட்டார், பகலில் வேறு ஆர்டர்கள் இருப்பதால். நான் மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் கலவையின் சூடு. வெயில்காலக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 7861 (முதல் பகுதி), கொட்டும்போது கான்கிரீட்டின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்கிறது. அது தாண்டவே கூடாத எல்லை. அந்த எல்லையில் நின்று வேலை செய்தால் ஒரு லாரி பத்து நிமிடம் தாமதித்தாலும் விளிம்பில் இருந்து விழுந்துவிடுவோம். அதனால் அறிக்கையில் 36 டிகிரி என்று எழுதினேன். அதற்கு மேல் இருக்கும் லாரி திரும்பிப் போகும்.

கலவையின் சூட்டை முன்கூட்டியே கணக்கிட முடியும். ஒரு கன மீட்டரில் ஜல்லியும் எம்-சாண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1,850 கிலோ, சிமெண்ட் 340 கிலோ, தண்ணீர் 165 லிட்டர். ஜல்லிக்கும் சிமெண்டுக்கும் வெப்பக் கொள்ளளவு தண்ணீருடையதில் 0.22 பங்குதான். ஆனாலும் ஜல்லியின் எடை அவ்வளவு அதிகம் என்பதால் கலவையின் சூட்டைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது. சிமெண்ட் 60 டிகிரியில் வருகிறதே என்று பலர் பதறுவார்கள். அது உறுத்தும் அளவுக்குப் பெரிய பங்கு அல்ல. வெயிலில் கிடக்கும் ஜல்லிக் குவியல்தான் நிஜமான எதிரி.

முந்தைய வாரம் ஆலைக்குப் போய் மூன்று நேரங்களில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். காலை பதினோரு மணிக்கு ஜல்லி 42, சிமெண்ட் 60, தண்ணீர் 36 டிகிரி. கணக்குப்படி கலவை 42.5 வரும். அதிகாலையில் ஜல்லி 31, சிமெண்ட் 55, தண்ணீர் 30; கலவை 33.5. மாலை ஆறரைக்கு, பகலெல்லாம் நிழல்வலை போட்டுத் தண்ணீர் தெளித்த குவியலில் ஜல்லி 35, சிமெண்ட் 60, தண்ணீர் 34, கலவை 37.6. இத்துடன் லாரி ஓடும் நேரத்துக்கு ஒன்றரை டிகிரி சேர்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் காற்று குளிர்ந்துவிட்டதாக நம் தோல் சொன்னாலும், அன்று முழுதும் சூடேறிய ஜல்லி இரவு முழுதும் ஆறிய ஜல்லியைவிடச் சூடாகத்தான் இருக்கும். மாலைக் கான்கிரீட் குளிர்ச்சியானது என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது.

ஐஸ் போட்டால் சரியாகிவிடுமே என்று கேட்கலாம். ஓரளவு ஆகும். ஒரு கிலோ ஐஸ் உருகவே 80 கிலோ கலோரி எடுத்துக்கொள்கிறது; அதனால் குளிர்ந்த தண்ணீரைவிட அது பல மடங்கு வேலை செய்கிறது. மாலை நேரத்துக்கு ஒரு கன மீட்டரில் 20 லிட்டர் தண்ணீருக்குப் பதில் 20 கிலோ ஐஸ் போட்டால் மூன்றரை டிகிரி இறங்கி, தளத்துக்கு வரும்போது 35.6 இருக்கும். 42 கன மீட்டருக்கு 840 கிலோ, அதாவது 50 கிலோ கட்டி என்றால் பதினேழு. பகல் பதினோரு மணிக்கு இதே எல்லைக்குள் வர 50 கிலோ வீதம் போட வேண்டும். மொத்தம் 2,100 கிலோ, நாற்பத்திரண்டு கட்டி. ஐஸை உடைத்துத் தூளாக்கித்தான் போட வேண்டும், கலக்கி முடிக்கும்போது ஒரு துண்டுகூட மிஞ்சக் கூடாது. உருகாத துண்டு கான்கிரீட்டுக்குள் போனால் அது இருந்த இடம் பின்னால் வெறும் ஓட்டைதான். ஐஸின் எடையைத் தண்ணீர்க் கணக்கில் கழிக்காமல் விட்டுவிடும் ஆலைகளும் உண்டு. எடைச்சீட்டை வாங்கிப் பார்க்காமல் நம்பக் கூடாது.

ஆனால் கலவையின் சூடு பாதிக் கதைதான். 125 மி.மீ. தளத்தில் உண்மையான ஆபத்து மேற்பரப்பில் இருக்கிறது.

புதிதாகக் கொட்டிய கான்கிரீட்டில் ஜல்லி மெல்லக் கீழே இறங்க, தண்ணீர் மேலே கசிந்து வருகிறது. மேற்பரப்பு ஈரமாக மின்னுவது இதனால்தான். கசிந்து வரும் வேகத்தைவிட வெயிலும் காற்றும் அதை உறிஞ்சும் வேகம் கூடினால் மேல்தோல் உலர்ந்து சுருங்குகிறது. இன்னும் வலிமை வராத கான்கிரீட் அந்த இழுப்பைத் தாங்காமல் வெடிக்கிறது. இந்த வெடிப்புகள் கொட்டிய சில மணி நேரத்துக்குள்ளேயே தெரியும். ஓரத்துக்குச் சாய்வாக, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இணையாக, ஒரு அடியிலிருந்து மூன்றடி இடைவெளியில் ஓடும். கம்பிகளின் மேலேயே கட்டம் கட்டமாக ஓடினால் அது வேறு நோய்: கான்கிரீட் கம்பியின்மேல் தொங்கிக் கீழிறங்கியதால் வந்தது. இரண்டையும் குழப்பினால் மருந்தும் தவறிப்போகும்.

உறிஞ்சும் வேகத்தைக் கணிக்க ஒரு சூத்திரம் புழக்கத்தில் இருக்கிறது:

```
E = 5 × [(Tc+18)^2.5 − r × (Ta+18)^2.5] × (V+4) × 10^-6
```

இதில் Tc கான்கிரீட்டின் வெப்பநிலை, Ta காற்றின் வெப்பநிலை, r காற்றின் ஈரப்பதம் (60 சதவீதம் என்றால் 0.6), V காற்றின் வேகம் மணிக்கு கி.மீ. கணக்கில். விடை ஒரு சதுர மீட்டரில் ஒரு மணி நேரத்தில் ஆவியாகும் தண்ணீர், கிலோவில். ஒரு கிலோ என்பது ஒரு மி.மீ. தண்ணீர்ப் படலம். ஒன்றைத் தாண்டினால் முன்னெச்சரிக்கை கட்டாயம் என்பது நெடுநாளாகப் பின்பற்றப்படும் அளவு. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் மெதுவாக இறுகும், வெடிக்கக்கூடிய நேரமும் அதற்கேற்ப நீளும். அதனால் நான் 0.75-லேயே விழித்துக்கொள்வேன். காற்றின் வேகத்தைக் கைப்பேசியில் வரும் வானிலைச் செய்தியிலிருந்து எடுக்கக் கூடாது. தளத்திலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். மொட்டைமாடியில் வீசும் காற்று தெருவில் வீசுவதல்ல.

மூன்று நேரத்துக்கும் எண்களைப் போட்டேன். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் பதினோரு மணிக்கு இன்னும் கொட்டிக்கொண்டிருப்போம். காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம், காற்றின் வேகம் 15. கலவை 42 டிகிரி என்றால் 1.9 வருகிறது. நாற்பத்திரண்டு ஐஸ் கட்டி போட்டுக் கலவையை 35-க்குக் கொண்டுவந்தாலும் 1.2. ஐஸ் கலவையைக் குளிர்விக்கிறது, காற்றை அல்ல. எட்டு மணி யோசனை எனக்கு அங்கேயே முடிந்துபோயிற்று.

அதிகாலையில் ஐந்து மணிக்கு 28 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம், காற்று 5, விடை 0.44. ஒன்பது மணிக்கு 34 டிகிரி, 50 சதவீதம், காற்று 10, விடை 0.75. பத்தரைக்கு 1.1. மாலையில் ஏழு மணிக்கு 35 டிகிரி, 45 சதவீதம், காற்று 10, விடை 0.83. இரவு பத்துக்கு 0.5. ஆக, அதிகாலை வேலை நல்ல நிலையில் தொடங்கிக் கெட்டுக்கொண்டே போகிறது. மாலை வேலை சுமாராகத் தொடங்கி நன்றாகிக்கொண்டே போகிறது. மாலையில் கடினமான கட்டம் எல்லாரும் தெம்பாக இருக்கும் முதல் லாரியில் வருகிறது. அதிகாலையில் அது கொத்தனார் களைத்துப்போன கடைசி லாரியில் வருகிறது.

இந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்தால் மாலைதான் வெல்லும். இன்னொரு காரணமும் அதற்குத் துணை நிற்கிறது: சிமெண்ட் தானே சூட்டை அதிகமாக வெளிவிடும் கட்டம் கொட்டிய எட்டுப் பத்து மணி நேரத்துக்குப் பின் வரும். மாலையில் கொட்டினால் அது விடியற்காலைக் குளிரில் போய் விழும், அதிகாலையில் கொட்டினால் உச்சி வெயிலில். கனத்த அடித்தளங்களில் இது பெரிய விஷயம். 125 மி.மீ. தளம் இரண்டு பக்கமும் சூட்டை இறக்கிவிடுவதால் இங்கே அதற்கு அவ்வளவு எடை இல்லை.

எதிர்ப்பக்கம் என்ன? மே மாதம் வேலூர்ப் பக்கம் பகல் கொளுத்தியெடுத்துவிட்டு மாலை ஐந்து முதல் எட்டுக்குள் இடியோடு மழை கொட்டுவது புதிதல்ல. புதுத் தளத்தின்மேல் பத்து நிமிட மழை போதும், சிமெண்ட் பாலைக் கழுவிக்கொண்டு போய்விடும். இரவு பத்துக்கு மேல் பம்ப் பழுதானால் மெக்கானிக் கிடைக்க மாட்டார். விளக்கு எத்தனை போட்டாலும் உத்தரத்தின் பக்கவாட்டில் ஜல்லிக்கிடையே வெற்றிடம் விட்டுத் தேன்கூடு விழுவதும், கம்பிக்கு அடியில் வைத்த கவர் பிளாக் நழுவுவதும் நிழலில் மறைந்துவிடும். இவற்றையெல்லாம்விட நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு: மாலையில் கொட்டினால் கடைசித் தேய்ப்பு நள்ளிரவைத் தாண்டும், முதல் ஈரச் சாக்கைப் போட வேண்டிய நேரம் விடியற்காலை மூன்று, நான்கு மணி. அந்த நேரத்தில் தளத்தில் யார் விழித்திருப்பார்? அதிகாலையில் கொட்டினால் அதே வேலை பகலில், எல்லார் கண்ணெதிரிலும் நடக்கும்.

எனவே அதிகாலை நான்கரை மணி என்றே முடிவு செய்தேன். 42 கன மீட்டர் எட்டேகால் மணிக்குள் முடியும் அளவு என்பதுதான் இந்த முடிவின் அடித்தளம். உரிமையாளர் வீட்டில் ஜோசியர் ஒன்பது மணிக்கு மேல் நல்ல நேரம் என்று சொல்லியிருந்தார். பிரம்ம முகூர்த்தத்தைவிட நல்ல நேரம் உண்டா என்று கேட்டேன். பெரியவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அதிகாலைத் திட்டத்தின் பலவீனம் அது நழுவுவதுதான். நான்கரை ஐந்தரையாகும், ஐந்தரை ஏழாகும். கடைசியில் எட்டு மணித் திட்டத்தையே தூக்கக் கலக்கத்தோடு செய்துகொண்டிருப்போம். பல வருடங்களுக்கு முன் வேறொரு தளத்தில் எனக்கு இது நடந்தது. முதல் லாரி ஏழேகாலுக்கு வந்தது, வந்தபின் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. பதினொன்றரைக்குத் தளத்தின் கடைசிப் பகுதியில் சாய்வாக ஏழெட்டு வெடிப்புகள். ஒருவர் உலர்ந்த சிமெண்டைத் தூவி, தண்ணீர் தெளித்துக் கரணையால் இழுத்து மூடினார். மேலே மறைந்தது, உள்ளே அப்படியே இருந்தது. முதல் மழைக்கு அறைக்குள் சொட்டியது. வெடிப்பு தெரிந்தவுடன், கான்கிரீட் இன்னும் இளகியிருக்கும்போதே மணியாசுக் கட்டையால் அழுத்தித் தேய்த்தோ வைப்ரேட்டரை மறுபடி இறக்கியோ மூடியிருந்தால் அது உண்மையாகவே மூடியிருக்கும். இறுகியபின் தூவும் சிமெண்ட் வெறும் பவுடர் பூச்சு.

அதனால் இந்த முறை அறிக்கையில் ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன்: முதல் லாரி ஐந்தரைக்குள் வாசலுக்கு வரவில்லை என்றால் அன்று கான்கிரீட் இல்லை. கூடவே, நடுவில் ஏதாவது நின்றுபோனால் எங்கே நிறுத்துவது என்பதையும் முதல் நாளே முடிவு செய்து கம்பியில் துணி கட்டி அடையாளம் வைத்தோம். நிறுத்தும் இடம் தளத்தின் இடைத்தூரத்தில் நடு மூன்றில் ஒரு பாகத்துக்குள், வெட்டுவிசை குறைவான இடத்தில், செங்குத்தான தடுப்புப் பலகையுடன் இருக்க வேண்டும். தடுப்புப் பலகை முன்கூட்டியே வெட்டித் தயாராக இருக்க வேண்டும். பம்ப் நின்றபின் பலகை தேடினால் கான்கிரீட் சரிந்து, மெல்லிய நாக்காக இறுகிவிடும்.

முதல் நாள் மாலையிலேயே சென்டரிங் தகடுகளையும் கம்பிகளையும் நனைத்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு மறுபடி ஒரு தெளிப்பு, தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட்டோம். கொட்டும் திசையை நீளவாக்கில் இல்லாமல் 13 மீட்டர் அகலவாக்கில் வைத்தோம். ஒரு லாரி ஏறக்குறைய 37 சதுர மீட்டரை மூடும். 13 மீட்டர் முகப்பு என்றால் ஒவ்வொரு லாரிக்கும் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் முன்னேறலாம். 20 மீட்டர் முகப்பு என்றால் இரண்டு மீட்டர்கூட நகராது, அடுத்த லாரி வருவதற்குள் ஒரு மூலை இறுகத் தொடங்கியிருக்கும். பம்பிலிருந்து தூரத்து ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு பட்டையிலும் முதலில் உத்தரம், உடனே அதன்மேல் தளம் என்று பின்னோக்கி வந்தோம்.

வாசலில் ஒருவர் உட்கார்ந்து மூன்று விஷயங்களை மட்டும் பார்த்தார். தெர்மாமீட்டர் கான்கிரீட்டுக்குள் 75 மி.மீ. ஆழத்துக்குக் குறையாமல், இரண்டு நிமிடமாவது இருக்க வேண்டும். கலவையின் இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப் 120 முதல் 150 மி.மீ.க்குள். எடைச்சீட்டில் தண்ணீர் சேர்த்த நேரத்திலிருந்து 90 நிமிடத்துக்குள் லாரி காலியாக வேண்டும், ஐ.எஸ். 4926 பொதுவாக இரண்டு மணி நேரம் தருகிறது, வெயிலுக்காக அரை மணியை நானே குறைத்துக்கொண்டேன். நாலாவது லாரியின் ஓட்டுநர் ஸ்லம்ப் 100 என்றதும் குழாயை எடுத்தார். கன மீட்டருக்குப் பத்து லிட்டர் சேர்த்தால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.485-லிருந்து 0.515-க்குப் போய்விடும், வலிமையில் சதுர மி.மீ.க்கு ஏறக்குறைய இரண்டு மூன்று நியூட்டன் குறையும். தண்ணீருக்குப் பதில் ஆலையின் ஆள் கொண்டுவந்திருந்த, கலவையை இளக்கும் சேர்க்கையை அளந்து ஊற்றி, நன்றாகச் சுழலவிட்டு, மறுபடி அளந்தோம், 130 வந்தது.

இனி கியூரிங், அதாவது இறுகும் கான்கிரீட்டை உலரவிடாமல் காப்பது. இதிலும் மூன்று வழிகள்: பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவது, ஈரச் சாக்கு, அல்லது தெளிக்கும் கியூரிங் திரவம். திரவத்தை உடனே ஒதுக்கினேன். தண்ணீர் கிடைக்காத நெடுஞ்சாலைப் பணிக்கு அது நல்லதுதான். ஆனால் இது மொட்டைமாடி; பின்னால் இதன்மேல் நீர்க்காப்பும் தளவோடும் வர வேண்டும். திரவம் விட்டுச்செல்லும் மெல்லிய தோல் அவற்றை ஒட்டவிடாது. சுரண்டி எடுக்கிறேன் என்று சொல்பவர்கள் யாரும் முழுதாகச் சுரண்டிப் பார்த்ததில்லை.

பாத்தி நம் ஊர்ப் பழக்கம், நம்பகமானது. இரண்டு அங்குலம் தேக்கினால் 260 சதுர மீட்டருக்கு 13,000 லிட்டர், ஒரு பெரிய டேங்கர். கத்தரியில் தினமும் எட்டுப் பத்து மி.மீ. ஆவியாகும், 2,000 லிட்டருக்கு மேல் தினமும் நிரப்ப வேண்டும். பாத்தியின் பெரிய குறை தண்ணீர்ச் செலவு அல்ல, அது தாமதமாகத் தொடங்குவதுதான். கான்கிரீட் நன்றாக இறுகாமல் தண்ணீர் தேக்க முடியாது. பெரும்பாலான இடங்களில் மறுநாள் காலைதான் பாத்தி கட்டுவார்கள். அதற்குள் ஒரு முழுப் பகல் வெயிலைத் தளம் வெறும் உடம்போடு வாங்கியிருக்கும். பதினான்கு நாள் தண்ணீர் நின்றாலும் அந்த முதல் பகலின் சேதம் திரும்பாது.

அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் மூன்று கட்டமாகப் பிரித்தோம். தேய்த்து முடித்த ஒவ்வொரு பட்டையின் மேலும் உடனே பாலிதீன் தாள். ஓரங்களில் கட்டை வைத்துக் காற்று புகாமல் பார்த்துக்கொண்டோம். கடைசிப் பட்டை ஒன்பதேகாலுக்கு மூடப்பட்டது, ஆவியாகும் வேகம் ஒன்றைத் தொடும் முன்னரே. கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாத நிலை வந்ததும் தாளை எடுத்து ஈரச் சாக்கு, அதன்மேல் மறுபடி தாள். மாலை ஆறு மணிக்குப் பாத்தி. வெயிலில் நின்ற கருப்புக் குழாயின் கொதிநீரையும் விடக் கூடாது, ஆழ்துளைக் கிணற்றின் சில்லென்ற தண்ணீரையும் சூடான தளத்தில் நேராக விடக் கூடாது. கான்கிரீட்டைவிடத் தண்ணீர் 11 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருந்தால் மேல்தோல் அதிர்ச்சியில் வெடிக்கும். தொட்டியில் நிழலில் நிற்கவைத்து விட்டோம். ஐ.எஸ். 456 உலர்ந்த வெப்பமான இடங்களில் குறைந்தது பத்து நாள் கேட்கிறது, கலப்புச் சிமெண்டுக்குப் பதினான்கு நாள் வரை நீட்டிக்கப் பரிந்துரைக்கிறது. பதினான்கு நாள் வைத்தோம்.

42 கன மீட்டருக்கு நான்கு மாதிரிகள், ஒவ்வொன்றிலும் 28-ஆம் நாளுக்கு மூன்று கியூப். கியூப் அச்சுகளைத் தளத்தின் ஓரத்தில் வெயிலில் விட்டுவிடுவது பரவலான தவறு. சூட்டில் இறுகிய கான்கிரீட் ஏழாம் நாளில் பிரமாதமாக இருக்கும், 28-ஆம் நாளில் எதிர்பார்த்த அளவுக்கு ஏறாது. அந்த எண்ணை வைத்து ஆலையோடு சண்டை போட்டுப் பயனில்லை. எங்கள் அச்சுகள் காவலாளி அறையில் ஈரச் சாக்கின்கீழ், 27 டிகிரிக்கு இரண்டு கூடக் குறைய இருந்தன. நான்கு மாதிரிகளின் சராசரி வலிமை சதுர மி.மீ.க்கு 31.5 நியூட்டன் வந்தது. ஆனால் அந்த எண் ஆலையின் கலவையைப் பற்றியது மட்டுமே, தளத்தின் கியூரிங்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதைப் பார்க்க இரண்டாம் நாள் மாலை பாத்தியின் ஒரு மூலையை வடித்துவிட்டு, வெயில் சாய்வாக விழும்போது குந்தி உட்கார்ந்து தரையோடு தரையாகப் பார்த்தேன். ஈரம் உலரும்போது வெடிப்புகள் கருங்கோடாகக் கடைசியில் உலரும். தென்கிழக்கு மூலையில், காற்றில் பாலிதீன் தாள் தூக்கியிருந்த இடத்தில், ஒரு கையகல நீளத்துக்கு இரண்டு மயிர்க்கோடுகள் இருந்தன. வேறெங்கும் இல்லை.

அதே மண்டபத்தின் பின்புறச் சமையல்கூடத்துக்கு 180 கன மீட்டர் அடித்தளம் அடுத்த மாதம் வந்தது. மணிக்கு 12 கன மீட்டர் என்றால் பதினைந்து மணி நேரம். எந்த அதிகாலைக்குள்ளும் அது அடங்காது, கனமும் அதிகம். அதற்கு மழை மேகம் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து மாலை ஐந்து மணி, ஐஸ், ஆலையில் ஓர் ஆள், உதிரி பம்ப், இரண்டு ஷிப்ட் என்று எழுதிக் கொடுத்தேன்.